கடை வாய்ஸ்மெயிலில் நேரத்தைச் சொல்லலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். திங்கள் பூட்டு. வாய்ஸ்மெயிலில் திறக்கும் நேரத்தைச் சொல்லிப் பதிந்தேன். "கந்தோர் மாதிரி இருக்கு" என்கிறாள் மகள். நேரத்தை எடுத்துவிட்டு அன்பாக நாலு வார்த்தை மட்டும் வைக்கட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் வாய்ஸ்மெயில் கடை பூட்டியிருக்கும்போது மட்டும் பேசுவதில்லை. நீங்கள் ஒருவருக்கு அளவெடுக்கும்போதும், இன்னொரு அழைப்பில் இருக்கும்போதும் அதே குரல்தான் கேட்கும். மாலை ஆறரைக்கு அழைப்பவருக்கு, இப்போது புறப்பட்டு வந்தால் பிளவுஸை வாங்கலாமா என்பதுதான் தெரிய வேண்டும். "இப்போது பேச இயலவில்லை" என்பது அதற்குப் பதிலாகாது. நேரத்தைச் சொன்னால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

கனடாவில் தொலைபேசி மணி ஒரு தடவை 2 வினாடி ஒலித்து 4 வினாடி ஓயும். நாலு மணி அடித்தபின் வாய்ஸ்மெயில் எடுத்தால் அழைப்பவர் ஏற்கெனவே 24 வினாடி காத்திருக்கிறார். அதற்கு மேல் நன்றி, மகிழ்ச்சி, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றெல்லாம் நீட்டினால், நேரம் வருமுன் வைத்துவிடுவார். உங்கள் பதிவை 25 வினாடிக்குள் முடியுங்கள்.

மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கந்தோர்த்தனம் நேரத்தால் வருவதில்லை, எழுத்துத் தமிழை வாசிப்பதால் வருகிறது. கடையில் கதைப்பதுபோலவே சொல்லுங்கள். வணக்கம், கடைப் பெயர், உங்கள் பெயர், பிறகு:

"செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் காலமை பதினொண்டு தொடக்கம் பின்னேரம் ஏழு மட்டும் கடை திறந்திருக்கும். சனி, ஞாயிறு பத்து தொடக்கம் அஞ்சு மட்டும். திங்கள் பூட்டு. அந்த நேரத்திலயும் நான் எடுக்கேல்லை எண்டால், ஆருக்கோ அளவெடுத்துக்கொண்டு நிக்கிறன். பேரையும் நம்பரையும் சொல்லுங்கோ, அடுத்து கடை பூட்ட முதல் நானே எடுக்கிறன்."

நேரங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். இதில் இதமாக இருப்பது கடைசி இரண்டு வரிகள். ஏன் எடுக்கவில்லை என்பதும், எப்போது எடுப்பீர்கள் என்பதும் அதில் வந்துவிடுகின்றன. "விரைவில்" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நாளைக்கு எடுக்கிறன்" என்றால் ஞாயிறு இரவில் பொய்யாகிவிடும். "அடுத்து கடை பூட்ட முதல்" எந்த நாளுக்கும் பொருந்தும். தமிழ் தெரியாத வாடிக்கையாளர் இருந்தால், நேரத்தை மட்டும் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லுங்கள். முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

பதியும்போது தையல் மெஷினும் ஃபேனும் நிற்கட்டும். ஸ்பீக்கரில் வைத்துப் பேசாதீர்கள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும், மெல்லிய மெய்யொலிகள் மங்கிவிடும். அதனால் நாளுக்கும் மணிக்கும் இடையில் சற்று நிறுத்துங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து, தெருவில் நின்று அழைத்துக் கேளுங்கள். நேரங்களை ஒரே தடவையில் கேட்டு எழுத முடியவில்லை என்றால் மறுபடி பதியுங்கள்.

பனிப்புயலுக்குக் கடை பூட்டினால் "இண்டைக்குப் பூட்டு" என்று பதியாதீர்கள். கிழமையையும் திகதியையும் சொல்லுங்கள். மாற்ற மறந்தாலும், மறுநாள் அழைப்பவர் அது பழையது என்று புரிந்துகொள்வார்.