யூனிட் குறைந்தும் ஏறும் பில்

"ராணிப்பேட்டையில் சின்ன லேத் பட்டறை. யூனிட் குறைந்தும் பில் ஏறுகிறது, ஏன்?"

பவர் ஃபாக்டர் அபராதமாக இருக்கலாம். பில்லில் kWh, kVAh இரண்டையும் பாருங்கள். உதாரணமாக kWh 4000, kVAh 5000 என்றால், 4000-ஐ 5000-ஆல் வகுத்தால் வரும் 0.80தான் பவர் ஃபாக்டர். தாழ்வழுத்த இணைப்புக்கு 0.85 வேண்டும். குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் யூனிட் கட்டணத்தில் 1 சதவீதம், ஆக 5 சதவீதம் அபராதம்.

பெரும்பாலும் பவர் ஃபாக்டரைத் தூக்கிப் பிடிக்கும் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள் அண்ணா. 10 kVAR கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஏதாவது ஒரு பேஸில் 8, 9 காட்டினால் மாற்றிவிடுங்கள். அணைத்த உடனே தொட வேண்டாம், உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கும்.

அப்புறம், யூனிட் குறைந்ததால் டிமாண்ட் கட்டணம் குறையாது. அதன் ஸ்லாப் யூனிட்டை வைத்து இல்லை, கிலோவாட்டை வைத்து. மோட்டார் எதையாவது விற்றிருந்தால், லோடைக் குறைக்க மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.