அறுபது வீட்டு பிளாட்டுக்கு மேல்தொட்டி, பம்ப் கணக்கு: கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் ஓர் ஐந்து மாடி பிளாட்டின் நிர்வாகக் குழு, பழைய மேல்தொட்டியை எடுத்துவிட்டுப் புதியது போட நினைக்கிறது. குழுவினரும் குடியிருப்பாளர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டடங்களுக்குக் குழாயும் பம்பும் வடிவமைப்பதுதான் என் வேலை.

செயலாளர்: அண்ணே, எங்களுக்கு ஐந்து மாடி, மாடிக்குப் பன்னிரண்டு வீடு. மேல்தொட்டி துருப்பிடித்து ஒழுகுகிறது. புதுசு எத்தனை லிட்டரில் வாங்க வேண்டும்?

கடையில் என்ன அளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று பாருங்கள். மலேசியாவில் இந்த வகை மலிவு விலை பிளாட்டுக்கு வீட்டுக்கு நாளொன்றுக்கு 1,100 லிட்டர் என்று வைத்து வடிவமைப்பது வழக்கம். நம் நாட்டில் ஒருவர் ஒரு நாளைக்கு 200 முதல் 250 லிட்டர் வரை பயன்படுத்துகிறார். ஐந்து பேர் வீட்டுக்கு அந்தக் கணக்கும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. அறுபது வீட்டுக்கு 66,000 லிட்டர்.

இதை உங்கள் மொத்த மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை அளவை எழுதி, அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் மீண்டும் எழுதி, வித்தியாசத்தை ஏழால் வகுத்தால் போதும். ஆனால் அந்த வாரத்தில் தண்ணீர் தட்டுப்பாடு இருந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். அது காட்டுவது வந்த தண்ணீரை. உங்களுக்குத் தேவைப்பட்ட தண்ணீரை அல்ல.

ஒரு நாள் தேவையை இருப்பில் வைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை மேலேயும் ஒரு பங்கைக் கீழ்த்தொட்டியிலும் பிரிப்பது இங்கே நடைமுறை. அப்படியானால் மேலே 44,000, கீழே 22,000 லிட்டர்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவர் சொல்வது தொட்டியின் முழுக் கொள்ளளவு. ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்றால் 48,000 லிட்டர்; 44,000-க்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் மேலே இருபது சென்டிமீட்டர் காலியாக விட வேண்டும். வெளியேறும் குழாய்க்குக் கீழே பத்து சென்டிமீட்டர் தண்ணீர் பயன்படாமல் தங்கிவிடும். மிச்சம் 1.7 மீட்டர்தான், அதாவது 40,800 லிட்டர். நீளத்தை ஏழு மீட்டராக்கினால் 47,600 கிடைக்கும். நான் அதையே போடச் சொல்வேன், நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறைகளாக. ஓர் அறையைக் கழுவும்போது மற்ற அறையிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் போகும்.

ஆயிரம் லிட்டர் ஒரு டன். இந்தத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய ஐம்பது டன். பழைய தொட்டி இதைவிடச் சிறியதாக இருந்திருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் கூரையைப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

பாமாயில் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்: இவ்வளவு பெரிய தொட்டி எதற்கு? பத்து எச்பி பம்ப் ஒன்று போட்டால் அரை மணியில் ஏற்றிவிடும். ஆலையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பம்ப் பெரிதானால் மேல்தொட்டியைச் சிறிதாக்கலாம் என்பது சரிதான். ஆனால் ஆலையில் குளமோ ஆறோ பக்கத்தில் இருக்கும், உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீர் இருக்கும். இங்கே பம்ப் உறிஞ்சுவது கீழ்த்தொட்டியை. அதற்குள் தண்ணீர் வருவது சாலைக் குழாயிலிருந்து, அதன் வேகத்தில்தான்.

வழக்கமாக மேல்தொட்டியை இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நிரப்பும் பம்பைத் தேர்ந்தெடுப்போம். நான்கு மணி என்று வைத்தால் 44,000-ஐ நான்கால் வகுத்து, மணிக்கு 11,000 லிட்டர்.

இனி உள்ளே வருவதைப் பாருங்கள். செயலாளரிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லியிருந்தேன்: பம்பை நிறுத்திவிட்டு, கீழ்த்தொட்டியில் குச்சி விட்டு, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க. பதினெட்டு சென்டிமீட்டர் ஏறியதாம். தொட்டியின் தரை ஐந்துக்கு மூன்று மீட்டர், ஆகவே மணிக்கு 2,700 லிட்டர் உள்ளே வருகிறது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 64,800. தேவையைத் தொடவே சற்றுக் குறைகிறது.

பம்ப் 11,000 எடுக்கிறது, 2,700 வருகிறது. கீழ்த்தொட்டி மணிக்கு 8,300 லிட்டர் இறங்கும். 22,000 லிட்டர் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் மேலே போயிருப்பது ஏறக்குறைய 29,000 லிட்டர், 44,000 அல்ல. உங்கள் பத்து எச்பி பம்ப் இதே நிலைக்கு இன்னும் சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். காலியான தொட்டியில் பம்ப் ஓடினால் தண்ணீர் இல்லாத சூட்டில் சீல் கருகும். கீழ்த்தொட்டி இறங்கியதும் பம்பை நிறுத்தும் மிதவை கட்டாயம் வேண்டும்.

ஆகவே இந்தக் கட்டடத்தில் முதல் வேலை பம்ப் வாங்குவது அல்ல. மீட்டருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அடைத்திருக்கிறதா, கீழ்த்தொட்டியின் மிதவை வால்வு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு காலை ஏழு மணிக்கும் நள்ளிரவுக்குப் பின்னும் அதே குச்சிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரவிலும் 2,700-தான் என்றால் உள்வரும் குழாயே சிறியது. தண்ணீர் நிறுவனத்திடம் பெரிய இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

செயலாளர்: சரி அண்ணே, உள்ளே வருவதைச் சரி செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் எத்தனை எச்பி?

எச்பியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்று தெரிய வேண்டும். கீழ்த்தொட்டியின் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டிக்குள் தண்ணீர் விழும் வாய் வரை நாடா பிடித்து அளங்கள். மாடிக்கு மூன்று மீட்டர் வீதம் பதினைந்து, மேடைக்கும் தொட்டிக்கும் கீழே உள்ள பள்ளத்துக்கும் ஐந்து என்றால் 20 மீட்டர்.

அடுத்து குழாயின் உராய்வு. வளைவுகளையும் வால்வுகளையும் நீளமாக மாற்றிச் சேர்த்தால் உங்களுக்கு சுமார் 60 மீட்டர் குழாய் வரும். உள்விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் இந்த ஓட்டத்துக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் இழப்பு. யாராவது மிச்சம் பிடிக்க 40 மில்லிமீட்டர் போட்டால் அது பதின்மூன்று மீட்டர் ஆகும். அந்த மிச்சத்தை மாதாமாதம் மின்கட்டணத்தில் திருப்பிக் கட்டுவீர்கள். பழைய இரும்புக் குழாயில் உள்ளே துரு படிந்திருந்தாலும் இதே கதிதான். ஆகவே குழாயைப் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

வாயில் தண்ணீர் வெளியேற இரண்டு மீட்டர் சேர்த்தால் மொத்தம் 26, நான் 27 என்று எடுக்கிறேன். கடைக்காரரிடம் “மணிக்கு 11,000 லிட்டர், 27 மீட்டர் ஹெட்” என்று சொல்லி, பம்பின் வரைகோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி கோட்டின் நடுப்பகுதியில் விழ வேண்டும். பம்பின் திறன் 55 விழுக்காடு என்றால் தண்டில் ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் தேவை. 2.2 கிலோவாட், அதாவது மூன்று எச்பி மோட்டார் போதும். அதே பம்ப் இரண்டு வாங்கி, மாறி மாறி ஓட விடுங்கள். ஒன்று பழுதானால் அன்றைக்கே தெரிய வேண்டும்.

தாமானில் வசிக்கும் ஓர் அக்கா: எங்கள் மாடி வீட்டில் 200 கேலன் தொட்டி இருக்கிறது. நானும் மூன்று எச்பி போடலாமா?

வேண்டாம் அக்கா. இந்தக் கணக்கு பிளாட்டுக்கு. உங்கள் தொட்டி 900 லிட்டர்தான். இரவில் சாலைக் குழாயின் அழுத்தத்திலேயே நிரம்பிவிட்டால் பம்பே தேவையில்லை. சாலைக் குழாயில் நேராகப் பம்பை மாட்ட அனுமதியும் கிடையாது. அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீரை நீங்கள் இழுப்பீர்கள், அழுக்கும் உள்ளே வரக்கூடும்.

ஐந்தாம் மாடிக்காரர்: என் வீட்டு ஷவரில் நூல் மாதிரி வருகிறது. பெரிய பம்ப் போட்டால் எனக்கு நன்றாக வருமா?

வராது தம்பி. பம்ப் தொட்டி வரைதான். தொட்டியிலிருந்து உங்கள் ஷவருக்கு வருவது உயரத்தால் மட்டுமே. உங்களுக்கு மேலே மூன்று மீட்டரில் தொட்டி இருந்தால் 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். கீழ்வீட்டில் அதே தண்ணீர் ஒன்றரை பாரில் வரும். புதுத் தொட்டியின் மேடையை உயர்த்துவது ஒரு வழி, கூரை தாங்கினால். மேல் இரண்டு மாடிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய அழுத்தப் பம்ப் வைப்பது இன்னொரு வழி. அதற்கான மின்சாரத்தை யார் கட்டுவது என்று உங்கள் கூட்டத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு பார்க்கும் இளைஞர்: இப்போதைய பம்ப் இரவில்கூட சில நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி நிற்கிறது. மிதவையை எங்கே வைப்பது?

ஓடும் மட்டமும் நிற்கும் மட்டமும் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் சூடாகும், திரும்பாத் தடுப்பு வால்வு அடித்து மூடும். புதுத் தொட்டியின் பரப்பு 28 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 1,400 லிட்டர். எட்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். அரை மீட்டர் வைத்தால் 14,000 லிட்டர். ஒரு மணிக்கு மேல் நிதானமாக ஓடும். தொட்டி பாதியாகும் வரை காத்திருக்காமல், நிறைந்த மட்டத்திலிருந்து அரை மீட்டர் இறங்கியதும் தொடங்கச் செய்யுங்கள்.

காரணம் இங்குள்ள காலை நேரம். தோட்டத்து வேலைக்கும் ஆலை பஸ்ஸுக்கும் போகிறவர்கள் ஐந்து மணிக்கே குளிக்கிறார்கள். தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கும். காலை இரண்டரை மணி நேரத்தில் நாள் தேவையில் முப்பது விழுக்காடு போனாலும் அது 20,000 லிட்டர். அந்த நேரத்தில் மின்சாரம் போனாலும் மேலே இருப்பது தாங்க வேண்டும்.

இரவில் யாரும் குழாய் திறக்காதபோதும் பம்ப் ஓடினால் கசிவைச் சந்தேகியுங்கள். அதிகாலை இரண்டு மணிக்கு பம்பை நிறுத்தி, மேல்தொட்டி மட்டத்தை நான்கு மணி வரை பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே 560 லிட்டர்.

பொருளாளர்: தண்ணீர் தடை இரண்டு நாள் நீண்டால்? இரண்டு நாள் இருப்பு வைக்கலாமே.

மேலே வைக்க முடியாது, எடை இரட்டிப்பாகும். கீழே கூடுதலாக ஒரு தொட்டி கட்ட இடம் இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். அது நடக்கக்கூடியது. ஆனால் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் குளோரின் குறைந்துகொண்டே போகும். ஆகவே புதுத் தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும்படி இரண்டு தொட்டிகளையும் வரிசையாக இணைக்க வேண்டும். செலவு பராமரிப்பு நிதியில் அடங்குமா என்பதை நான் சொல்ல இயலாது. உள்ளே வருவது மணிக்கு 2,700-லேயே நின்றால் அந்தக் கூடுதல் தொட்டி நிரம்பவே நிரம்பாது. ஆகவே குச்சிச் சோதனையின் இரவு அளவு வந்த பிறகே இதைப் பேசலாம்.