பூக்கூடை பிடிக்கும் குழந்தையும் நன்றிப் பரிசும்: கேள்வி பதில்

அக்கா, என் தம்பி கல்யாணத்துல என் பொண்ணு (4 வயசு) மணப்பெண்ணுக்கு முன்னால பூக்கூடையோட நடக்கப் போறா. "அழாம நடந்தா பொம்மை"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். சரிதானே?

பொம்மை நல்லது, அந்த "நடந்தா"தான் சிக்கல். குழந்தை பாதி வழியில் நின்றுவிட்டால், அந்த ஒரு சொல் மிரட்டலாக மாறிவிடும். நான் பொறுப்பேற்ற ஒரு திருமணத்தில் நாலரை வயதுப் பையன் ஒருவன் ஒத்திகையில் அழகாக நடந்தான். அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றதும், ஐந்தாறு அடியில் அப்படியே நின்றுவிட்டான். வரிசையிலிருந்து யாரோ, "கார் வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார்கள். கூடையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தான்.

தவறு என்னுடையதுதான். ஆளில்லாத இடத்தில் மட்டுமே அவனை நடக்கவிட்டிருந்தேன். இப்போதெல்லாம் வீட்டுக்காரர்களை இருபுறமும் உட்காரவைத்து, குழந்தை வரும்போது சட்டென்று எழுந்து கைதட்டச் சொல்கிறேன். அன்று போடப்போகும் அதே செருப்போடு இரண்டு மூன்று தடவை நடந்தால் போதும், அதற்கு மேல் சலித்துவிடும். நடை முடியும் இடத்தில் குழந்தைக்கு ரொம்பப் பிடித்தவர் ஒருவர், கையில் போன் இல்லாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கட்டும். குழந்தை கூட்டத்தைப் பார்த்து நடக்காது, அந்த முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும்.

உங்கள் மகளிடம் இன்றைக்கே, "பொம்மை எப்படியும் உனக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள்.

பரிசு கொடுத்தா பிள்ளைங்களுக்கு ஆர்வமே போயிடும்னு ஆராய்ச்சி இருக்கே? அப்போ பரிசே கூடாதுல்ல?

பாதி சரி. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைய ஆசைப்படும் மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகளுக்குப் பிறகு வரைவதில் ஆர்வம் குறைந்தது. ஆனால் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே பரிசைப் பெற்ற குழந்தைகளுக்கு அப்படிக் குறையவில்லை. அதனால் பரிசைவிட, முன்கூட்டியே பேசும் பேரத்தில்தான் நான் கவனமாக இருப்பேன். ஆனால் ஒன்று, வரைவது அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே பிடித்த வேலை. கூட்டத்தைக் கண்டு பயப்படும் குழந்தைக்கும் இந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

எங்க பையனுக்கு 9 வயசு. கூடை தூக்கச் சொன்னா சின்னப் பிள்ளை வேலைங்கறான். என்ன பரிசு சொன்னா சம்மதிப்பான்?

எந்தப் பரிசும் வேண்டாம், வேலையை மாற்றுங்கள். நடக்கப்போகும் சின்னக் குழந்தையை வாசலில் தயாராக நிறுத்தி, "இப்போ போ" என்று அனுப்பும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.

நான் மழலையர் பள்ளி ஆசிரியை. கூடையை நிரப்பாமல் ஒரு கைப்பிடி உதிரி இதழ் மட்டும் வைக்கச் சொல்வேன். முள் இருக்கிற காம்புப் பூ கூடாது. பரிசை எல்லோர் முன்னாலும் மேடையில் கொடுத்தால் குழந்தைக்குப் பெருமையாக இருக்கும் என்பது என் அனுபவம். நீங்கள்?

கூடை விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. வழவழப்பான தரையாக இருந்தால் இதழைத் தூவவே விடமாட்டேன். ஈர இதழில் பின்னால் வருபவர்களின் கால் வழுக்கும், கூடையைச் சுமந்து வந்தாலே போதும்.

மேடையில் மட்டும் எனக்குத் தயக்கம். நடந்து களைத்த குழந்தையை மறுபடியும் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்துகிறோம். கூடை கிடைக்காத அண்ணனும் தங்கையும் கீழே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணமக்களில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, உட்கார்ந்து, கையில் கொடுப்பது எனக்குப் பிடிக்கும். "நல்ல பிள்ளை" என்பதைவிட, "நீ கூடையை ரெண்டு கையாலும் பிடிச்சுட்டு எனக்கு முன்னால வந்தியே, எனக்குப் படபடப்பே போயிடுச்சு" என்று சொன்னால் குழந்தைக்குத் தான் செய்தது புரியும். ஆனால் கைதட்டலுக்கு மலரும் குழந்தைகளும் உண்டு, அவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இரண்டரை வயசுக் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்?

வாய்க்குள் போகும் அளவுக்குச் சின்னத் துண்டுகளோ, எளிதில் திறந்துகொள்ளும் பட்டன் பேட்டரியோ இல்லாத எதுவும் சரி. அன்று பிடித்த கூடையையே பெயர் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் நாள்கணக்கில் அந்த நடை தொடரும்.

கடைசி நிமிஷத்துல மாட்டேன்னுட்டா? அப்பவும் பரிசு கொடுக்கணுமா? எங்க மாமியார் கூடவே கூடாதுங்கறாங்க.

இதில் என் வீட்டிலேயே ஒத்த கருத்து இல்லை. நான் கொடுப்பேன். ஒத்திகைக்கு வந்தது, உடை மாற்றிக்கொண்டு காத்திருந்தது எல்லாமே அந்தக் குழந்தை நமக்காகச் செய்ததுதான். மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், நடந்ததாகப் பொய்யாகப் பாராட்டினால் குழந்தைக்கே தெரிந்துவிடும். "வந்து நின்னியே, அதுக்கு" என்று உள்ளதைச் சொல்லிக் கொடுங்கள். கூடையை அம்மா ஒரு கையிலும் குழந்தையை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தாலும் திருமணம் நடக்கும்.