காலை உடைக்காமல் ஒரு ‘பிரேக் எ லெக்’

கேள்வி: ஆங்கிலத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன். மேடை ஏறப்போகும் தோழியிடம் ஒருத்தி ‘பிரேக் எ லெக்’ என்கிறாள். ‘காலை உடை’ என்று எழுத முடியாது. ‘வாழ்த்துகள்’ என்று போட்டால் சப்பென்று இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் என்ன செய்வது?

பதில்: ‘வாழ்த்துகள்’ பொருளளவில் சரிதான். சப்பென்று இருப்பதற்குக் காரணம், அது கல்யாணப் பத்திரிகைக்கும் பொருந்தும் என்பதுதான். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், மேடைக்குக் கூப்பிடும் கடைசி நிமிடத்தில், சம வயதுக்காரி உசுப்பேற்றுகிற சொல் இது. அந்த நிமிடத்தில் தமிழ்த் தோழி என்ன சொல்வாள்? ‘ஜமாய்ச்சிடு’, ‘அசத்து’, ‘கலக்கிடு’, ‘பின்னிடு’. இவற்றில் ஒன்றுதான் உங்களுக்கு வேண்டும். நாடக ஆசிரியர் மாணவியிடம் சொன்னால் ‘நல்லபடியா பண்ணிட்டு வாம்மா’ என்று இறங்கிவிடும். வயதில் மூத்த நடிகரிடம் இளையவர் சொல்வதாக இருந்தால் ‘ஜமாய்ச்சிடுங்க சார்’ என்பதுகூடக் கொஞ்சம் துடுக்குதான். சொல்பவர், கேட்பவர், நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகே சொல்லைத் தேடுங்கள்.

டப்பிங் என்பதால் வாயையும் பாருங்கள். ‘பிரேக் எ லெக்’ உதடு ஒட்டித் தொடங்குகிறது, அதன்பின் ஒட்டுவதில்லை. ‘அசத்து’, ‘ஜமாய்ச்சிடு’ இரண்டிலும் தொடக்கத்தில் உதடு ஒட்டாது. ‘பின்னிடு’ ஒட்டித் தொடங்குகிறது, நீளமும் ஏறத்தாழ அதேதான். முகம் நெருக்கத்தில் தெரியும் ஷாட் என்றால் அதையே எடுங்கள். முதுகு தெரிந்தால் எதுவும் செல்லும்.

இரண்டு இடங்களில் மட்டும் இந்த எளிய வழி காலை வாரும்.

முதலாவது, இந்த வாழ்த்துக்குப் பின்னால் உள்ள நம்பிக்கையே காட்சியின் பேச்சாக வருவது. ஆங்கில நாடக உலகில் மேடைக்குப் போகிறவரிடம் நேரடியாக நல்வாழ்த்துச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பார்கள். அதனால்தான் எதிர்மாறாக ஒரு கெட்டதைச் சொல்வது. விவரம் தெரியாத ஒருவன் வாழ்த்துச் சொல்லி, மற்றவர்கள் அவன்மேல் பாயும் காட்சி வந்தால் ‘பின்னிடு’ மட்டும் போதாது. நம் வழக்கமோ நேர்தலைகீழ்: வெளியே கிளம்பும்போது கெட்ட சொல் காதில் விழக்கூடாது, ‘போறேன்’ என்பதைக்கூட ‘போயிட்டு வர்றேன்’ ஆக்குகிறோம். ஆனால் முன்கூட்டிப் பாராட்டினால் கெட்டுவிடும் என்ற பயம் நம்மிடமும் உண்டே. ‘ஏய், வாய வைக்காத!’ என்று எழுதுங்கள். எல்லாருக்கும் புரியும், அடிக்குறிப்பு வேண்டாம்.

இரண்டாவது, சிலேடை. முதல் காட்சியில் இந்த வாழ்த்து, நாலாவது காட்சியில் அவள் நிஜமாகவே காலை உடைத்துக்கொள்கிறாள், தோழி ‘நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டியா’ என்கிறாள். இங்கே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். நாலாவது காட்சியில் கால் உடைவது படத்தில் தெரிகிறது, மாற்ற முடியாது. ஆகவே உடைதல் என்ற சொல்லை முதல் காட்சியில் விதையுங்கள்: ‘ஆடுற ஆட்டத்துல மேடையே உடையணும்!’ பிறகு, ‘மேடைய உடைன்னா கால உடைச்சிட்டு வந்து நிக்கிற!’ முதல் வாக்கியம் மூலத்தைவிட நீளம், வேகமாகப் பேசவைக்க வேண்டியிருக்கும். தொடர் முழுவதையும் பார்க்காமல் இந்த வகைச் சொல்லை முடிவுசெய்யாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

இதைவிட ஆபத்தானவை, தமிழில் அச்சாக அதே உருவத்தில் இருப்பவை. ‘காலை உடை’ தப்பென்று உடனே தெரிகிறது, அதனால் நிறுத்தி யோசிக்கிறோம். ஆனால் ‘புல்லிங் மை லெக்’ வந்ததும் ‘என் காலை வாரிட்டான்’ என்று கை தானாக எழுதிவிடும். ஆங்கிலத்தில் அது விளையாட்டுக்குப் பொய் சொல்லிச் சீண்டுவது. தமிழில் காலை வாரிவிட்டான் என்றால் நம்பவைத்துக் கவிழ்த்துவிட்டான் என்றுதான் பெரும்பாலும் கொள்வோம், நட்பே முறிந்துபோகிற விஷயம். ‘சும்மா கலாய்க்கிறான்’, ‘கதை விடுறான்’ போதும். ‘பீஸ் ஆஃப் கேக்’குக்கு ‘அல்வா சாப்பிடுற மாதிரி’ அருமையாகப் பொருந்தும். வினையை மாற்றி ‘அல்வா கொடுத்தான்’ என்றால் ஏமாற்றியதாகிவிடும்.

தமிழ்ப் பழமொழி கிடைத்துவிட்டதே என்று உடனே போட்டுவிடவும் வேண்டாம். நியூகாசில் ஒருகாலத்தில் நிலக்கரிக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர். அங்கே நிலக்கரி கொண்டுபோவது என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘திருப்பதிக்கே லட்டா’ கச்சிதம்தான், ஆனால் லண்டன் சமையலறையில் நிற்கும் பாட்டி திருப்பதியைச் சொன்னால் பார்ப்பவர் சிரிப்பார். ‘கொல்லன் தெருவில் ஊசி விற்கிறதா’ என்பதில் ஊர்ப்பெயர் இல்லை. அது அவள் வாயில் நிற்கும்.