மூன்று முறை சொல்லியும் போகும் ஆடித் தள்ளுபடி மெசேஜ்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். எழுநூறு வாடிக்கையாளர்களுக்கு மேல் வாட்ஸ்ஆப்பில் பிராட்காஸ்ட் அனுப்புகிறோம். இந்த ஆடித் தள்ளுபடி மெசேஜுக்கு ஓர் அம்மா, "என் நம்பரை லிஸ்ட்ல இருந்து எடுங்கன்னு மூணாவது தடவையா சொல்றேன்" என்று பதில் போட்டிருக்கிறார். போன ரெண்டு தடவையும் எடுத்துவிட்டதாகத்தான் கடைப் பையன் சொன்னான். அவர் பிளவுஸ் வேறு நம்மிடம் தைக்கக் கிடக்கிறது. என்ன பதில் அனுப்புவது? மறுபடி போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: பையன் பொய் சொல்லியிருக்க மாட்டான். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எழுநூறு பேருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் உங்களிடம் மூன்று பட்டியலாவது இருக்கும். பையன் ஒன்றில் எடுத்திருப்பான், அந்த நம்பர் இன்னொன்றில் இருந்திருக்கும். ஒரே ஆள் போனில் இரண்டு பெயரில் பதிவாகியிருப்பதும் கடைகளில் சகஜம். தீபாவளிக்கு வந்தபோது ஊர்ப் பெயரோடு ஒரு தடவை, பிளவுஸ் தைக்கக் கொடுத்தபோது 'டெய்லரிங்' என்று ஒரு தடவை. அப்புறம் ஆடிக்கு முன்னால் பில் நோட்டைப் புரட்டிப் புதிதாக ஒரு பட்டியல் போட்டிருந்தால், எடுத்த நம்பரெல்லாம் அதன் வழியாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது தடவை போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

அதனால் முதலில் பதில் போடாதீர்கள், முதலில் எடுங்கள். ஒவ்வொரு பட்டியலையும் திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டால் அதில் இருக்கும் ஆட்கள் தெரிவார்கள். மூன்றிலும் அந்த நம்பரைத் தேடிப் பாருங்கள். பெயரை வைத்துத் தேட வேண்டாம், நம்பரை வைத்துத் தேடுங்கள். மகனோ மருமகளோ தன் போனிலிருந்தும் கடைக்காக அனுப்புகிறார்கள் என்றால் அங்கேயும் பார்க்க வேண்டும். கடைசியில் போனில் அவர் பெயரையே மாற்றி, முன்னால் 'ZZ மெசேஜ் வேண்டாம்' என்று போட்டுவிடுங்கள். அடுத்த பட்டியல் போடும்போது யார் கையில் போன் இருந்தாலும் கண்ணில் படும்.

எடுத்து முடித்த பிறகு ஒரே ஒரு பதில். இப்படி இருக்கலாம்:

"மன்னிக்கணும் அம்மா. உங்க நம்பரை எல்லா லிஸ்ட்ல இருந்தும் இன்னைக்கு எடுத்துட்டோம். இனிமே விளம்பர மெசேஜ் வராது. தைக்கக் கொடுத்த பிளவுஸ் ரெடியானதும் அதை மட்டும் சொல்றோம்."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். பத்து சதவீதம் கூடத் தள்ளுபடி தருகிறோம் என்று இழுக்காதீர்கள். அவர் "சரி" என்று போட்டாலும் நன்றிப் படம், பூங்கொத்து எதுவும் அனுப்ப வேண்டாம். மூன்று தடவை சொல்லிச் சலித்தவருக்கு அதுவும் இன்னொரு மெசேஜ்தான். "எடுத்துடுறோம்" என்றும் எழுதாதீர்கள், அதைத்தான் ஏற்கனவே இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பிளவுஸ் பற்றிய தகவல் அனுப்பலாம், அது அவர் கேட்ட வேலை. ஆனால் "பிளவுஸ் ரெடி, கூடவே புது டிசைன் வந்திருக்கு பாருங்க" என்று சேர்த்தால் அது விளம்பரம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

சிலர் எரிச்சலில் அந்த நம்பரையே பிளாக் செய்துவிடுகிறார்கள். அப்புறம் அவர் பிளவுஸ் பற்றிக் கேட்டு மெசேஜ் போட்டாலும் உங்களுக்கு வராது. ஒன்று யோசியுங்கள். உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். அந்த அம்மா உங்கள் கடை நம்பரை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். கடையை விடவில்லை, மெசேஜைத்தான் வேண்டாம் என்கிறார். அவரே உங்களைப் பிளாக் செய்து புகார் பட்டனையும் தட்டியிருந்தால், நீங்கள் கடைசியாக அனுப்பிய ஐந்து மெசேஜ்கள் வாட்ஸ்ஆப்புக்குப் போயிருக்கும். இப்படிப் புகார் சேரும் நம்பர் முடக்கப்படலாம். கடை நம்பர் ஆடி மாதத்தில் முடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அடுத்த வேலை. நம்பரை எல்லா இடத்திலும் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அப்படி அழித்தால் அவர் வேண்டாம் என்று சொன்ன விஷயமே கடையில் யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த முறை பில் போடும்போது நம்பர் கேட்டு எழுதுவீர்கள், தீபாவளிக்கு மெசேஜ் போய்விடும். 'அனுப்பக் கூடாத நம்பர்கள்' என்று தனியாக ஒரு பட்டியல் வேண்டும். அதில் நம்பரும் அவர் சொன்ன தேதியும் போதும், பெயர், முகவரி, வாங்கிய சேலை எதுவும் தேவையில்லை.

நோட்டு போதாது, கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறீர்கள் என்றால், STOP என்ற தாளில் A பத்தியில் இந்த நம்பர்கள் இருக்கட்டும். நம்பரை ஒருவர் +91 போட்டும் இன்னொருவர் நடுவில் இடம் விட்டும் எழுதுவார்கள், அப்படி இருந்தால் ஒரே நம்பர் இரண்டாகத் தெரிந்து தப்பிவிடும். இடைவெளியை நீக்கிக் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். STOP தாளிலும் பத்து இலக்கமாகவே எழுதுங்கள். வாடிக்கையாளர் நம்பர் B2-வில் இருந்தால்:

```
=COUNTIF(STOP!A:A,RIGHT(SUBSTITUTE(B2," ",""),10))
```

பூஜ்யம் வந்தால் அனுப்பலாம். ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் இதைப் பார்க்க வேண்டும், ஒரு தடவை பார்த்தது அடுத்த பண்டிகைக்கு உதவாது.

பழைய பில்லையும் கிழித்துப் போட வேண்டுமா என்று அடுத்து ஒரு சந்தேகம் வரும். வேண்டாம். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் அந்தந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. பில்லில் நம்பர் இருக்கலாம், அதை எடுத்து விளம்பரம் அனுப்பத்தான் கூடாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. மூன்று தடவை கேட்க வைத்தது அதற்கு நேர் எதிர்.

ஏஜென்சி வழியாக எஸ்எம்எஸும் அனுப்புகிறீர்கள் என்றால் இந்த நம்பரை அவர்களிடமும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் பட்டியல் தனி, உங்கள் போனில் எடுத்தது அவர்களுக்குத் தெரியாது. எஸ்எம்எஸ் விளம்பரத்துக்கு டிராய் விதிகள் கடுமையானவை. பதிவு செய்யாத சாதாரண சிம்மிலிருந்து அனுப்பினால் 1909 என்ற எண்ணுக்குப் புகார் போகும், கடை லைனே துண்டிக்கப்படலாம்.

சரியாக எடுபட்டதா என்று அந்த அம்மாவைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். அடுத்த பிராட்காஸ்ட் போட்ட கையோடு, உங்கள் போனில் அவர் பெயரில் உள்ள உரையாடலைத் திறந்து பாருங்கள். பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரின் உரையாடலிலும் அந்த மெசேஜ் சின்ன ஒலிபெருக்கிப் படத்தோடு தெரியும். அவரிடம் உங்கள் மன்னிப்புப் பதிலும் பிளவுஸ் மெசேஜும் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் நான்காவது பட்டியல் எங்கேயோ இருக்கிறது, தேடுங்கள்.