ஏழு மாதக் குழந்தைக்கு எந்தப் பாட்டு, எப்படிப் பாடுவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு மாதம். பெங்களூரில் நானும் கணவரும் மட்டும்தான் இருக்கிறோம். தாலாட்டுப் பாடினால் பேச்சு சீக்கிரம் வரும் என்கிறார் அம்மா. எனக்குப் பாடவே வராது; அதனால் கைபேசியில் பாட்டு ஓடவிடுகிறோம். தினமும் புதுப்பாட்டு போடலாமா, ஒரே பாட்டு போதுமா? ‘ஆராரோ’ என்று அர்த்தமே இல்லாமல் பாடுவதால் குழந்தைக்கு என்ன புரியும்?

பதில்: ஒரே பாட்டை வாரக்கணக்கில் பாடுங்கள், அதை உங்கள் வாயால் பாடுங்கள், சுருதி சேராவிட்டால் பரவாயில்லை. பேச்சு சீக்கிரம் வரும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்த வயதில் பாட்டு செய்கிற வேலை வேறு. எந்தெந்த ஒலி வேறுபாடுகள் தமிழில் பொருளை மாற்றுகின்றன, ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பவற்றைக் காதுக்குப் பழக்குவதுதான் அந்த வேலை. அர்த்தம் புரிவதற்குப் பல மாதங்கள் முன்பே இது நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் மகளின் வயது இதற்குப் பொருத்தமான வயது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள்; ஆனால் பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோரால் அது முடியவில்லை. வீட்டில் கேட்கிற மொழிக்குத் தேவையான வேறுபாடுகளைக் காது கூர்மையாக்கிக்கொண்டு, தேவைப்படாதவற்றைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்குகிறது என்பதே இதன் பொருள்.

தமிழுக்குத் தேவையான வேறுபாடுகளில் முதன்மையானவை இரண்டு, இரண்டுமே ஒலியின் நீளத்தைப் பொறுத்தவை. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. அது குறிலும் நெடிலும். ‘பலி’ வேறு, ‘பல்லி’ வேறு. அது ஒற்றை மெய்யும் இரட்டித்த மெய்யும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் நடுவே ‘ல’ இரட்டித்து ஒலிப்பதால் பொருள் மாறுவதில்லை. ஆகவே ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் காதுக்கு இந்த நுட்பம் வேண்டியதில்லை. (கன்னடத்தில் இது உண்டு. அக்கம்பக்கத்தில் குழந்தை கேட்கும் கன்னடம் இதற்கு இடையூறு செய்யும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.) சிக்கல் என்னவென்றால், அன்றாடப் பேச்சில் ஒருவர் வேகமாகவும் மற்றொருவர் மெதுவாகவும் பேசுவதால், எது நீளம், எது குறுக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நீளத்தை அளக்க மாறாத ஓர் அளவுகோல் வேண்டும், அதைத் தாளம் தருகிறது.

எல்லோருக்கும் தெரிந்த நிலாப் பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

நிலா நிலா ஓடி வா
நில்லாமல் ஓடி வா
மலை மேலே ஏறி வா
மல்லிகைப்பூ கொண்டு வா

ஒவ்வோர் அடிக்கும் நான்கு தட்டு. கையைத் தட்டியபடி பாடிப் பாருங்கள். முதல் அடியில் முதல் தட்டில் ‘நிலா’ வருகிறது. இரண்டாம் அடியில் அதே தட்டில் ‘நில்லா’ வருகிறது. மூன்றாம் அடியில் ‘மலை’. நான்காம் அடியில் அதே இடத்தில் ‘மல்லி’. தொடக்க எழுத்து ஒன்றே, தட்டின் நேரமும் ஒன்றே, ராகமும் ஏறக்குறைய ஒன்றே; உள்ளே ‘ல’ ஒருமுறை நாவைத் தொட்டுவிட்டு நகர்கிறது, மறுமுறை ஒரு கணம் தங்கி நகர்கிறது. மோனைக்காக யாரோ அமைத்த இந்த நான்கு அடிகளில் ‘ல’, ‘ல்ல’ வேறுபாடு இருமுறை அருகருகே வந்துவிடுகிறது. மொழியியல் ஆய்வுக்கூடத்தில் இதே வேறுபாட்டைச் சோதிக்க நினைப்பவர் மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்து இதை மட்டும் மாற்றுவார். பாட்டும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது.

இனி ஒவ்வோர் அடியின் முடிவைப் பாருங்கள். ‘வா’ என்பது எப்போதும் நான்காம் தட்டில் தனியாக விழுகிறது. அதற்கு முன்னே ‘ஓடி’, ‘ஏறி’, ‘கொண்டு’ என்று மாறிமாறி வருகின்றன. இந்தப் பாட்டில் ‘ஓ’ வந்தால் அடுத்து ‘டி’ வருவது உறுதி. ‘டி’யை அடுத்து வருவதோ பேச்சில் எதுவாகவும் இருக்கலாம். இத்தகைய வாய்ப்புக் கணக்கைக் குழந்தைகள் தாமாகவே போடுகிறார்கள் என்பதை ஜென்னி சாஃப்ரனும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் காட்டினார்கள். இடைவெளியே இல்லாமல் கோக்கப்பட்ட பொருளற்ற அசைத்தொடரை இரண்டு நிமிடம் கேட்ட எட்டு மாதக் குழந்தைகள், எந்த அசைகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சோதனையில் ராகமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. ராகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எரிக் தீசனும் சாஃப்ரனும் 2009-இல் வெளியிட்டார்கள்: வெறும் சொற்களாகக் கேட்டதைவிட, ஒரு மெட்டோடு சேர்த்துக் கேட்ட சொல்வரிசையைக் குழந்தைகள் எளிதாகக் கற்றார்கள், மெட்டையும் சொல்லோடு சேர்த்துக் கேட்டபோதே நன்றாகக் கற்றார்கள்.

ஒரே பாட்டு போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்கு திரும்பத் திரும்பக் கேட்பதால் மட்டுமே தேறும். தினமும் பாட்டை மாற்றினால், குழந்தை ஒவ்வொரு நாளும் மெட்டுக்கே பழகிக்கொண்டிருக்கும்; உள்ளே இருக்கும் அசைகளுக்குக் கவனம் எட்டுவதற்குள் பாட்டு மாறிவிடும். தூங்க வைக்க ஒன்று, விளையாட ஒன்று என்று இரண்டு பாட்டு வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான் வரும், அவளுக்கு வராது.

அர்த்தமில்லாத ‘ஆராரோ’வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லாகப் பார்க்காமல் ஒலியாகப் பாருங்கள். ‘ஆராரோ’ மூன்றும் நெடில். ‘ஆரிரரோ’ என்னும்போது நெடில், குறில், குறில், நெடில். மெய் மாறவே இல்லை, அதே ‘ர’. உயிர் மட்டும் மாறுகிறது, அதன் நீளமும் மாறுகிறது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்க இதைவிட எளிமையான குறில் நெடில் பாடம் எனக்குத் தோன்றவில்லை. சில ஊர்களில் ‘ஆரிராரோ’ என்பார்கள். எதுவானாலும் சரி, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு அவள் ‘ர’ சொல்வாள் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ஒலி நாவுக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகும். ‘மாமா’, ‘பாபா’, ‘தாதா’ போன்ற அசைகளே முதலில் வரும்.

கைபேசிக்கு வருவோம். 2003-இல் பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளர், அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கிப் பார்த்தார். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு குழுவோடு சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில் கதை படித்தும் விளையாடியும் பேசினார்கள். மற்றக் குழுக்களுக்கு அதே பேச்சு காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் தரப்பட்டது. நேரில் பழகிய குழந்தைகள் மட்டுமே சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரையில் வரும் பாட்டு காதில் ஏறவே ஏறாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கேம்பிரிட்ஜ், டப்ளின் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆசிரியை குழந்தைப் பாடல்கள் பாடும் காணொளியைப் பார்த்த குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். தாளத்தை மூளை முன்னதாகவே பின்தொடர்ந்தது, தனித்தனி எழுத்தொலிகளின் தடம் ஏழு மாத அளவில்தான் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. ஆனால் மூளை ஒலியைப் பின்தொடர்வதும், அந்த ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. கற்றலுக்கு, அவள் பார்க்கும்போது பார்க்கிற, அவள் கத்தினால் நிறுத்துகிற ஒரு முகம் வேண்டியிருக்கிறது. கைபேசி அவள் பார்த்தாலும் பாடும், தூங்கினாலும் பாடும்.

பாடத் தெரியாதவர்கள் செய்யும் தவறு சுருதியில் இல்லை. குறிலை இழுப்பதில்தான் இருக்கிறது. ‘ஓடி வா’ என்பதை உருக்கமாக இழுத்து ‘ஓடீ வா’ என்று பாடினால், நான் மேலே சொன்ன அளவுகோல் வளைந்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. பாடும்போது உங்கள் குரலையே பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். ‘ஓ’வும் ‘டி’யும் ஒரே நீளத்தில் கேட்டால் இழுக்கிறீர்கள். ‘நில்லாமல்’ என்பது ‘நிலாமல்’ போலக் கேட்டால் மெய்யில் தங்காமல் ஓடுகிறீர்கள். தாலாட்டில் அடியின் கடைசியை இழுப்பது இயல்பு, அங்கே இழுக்கலாம். அதுவே அடி முடிந்தது என்று குழந்தைக்குக் காட்டும். நடுவில் இருக்கும் குறில்களை மட்டும் குறிலாகவே விடுங்கள். தாலாட்டின் மெதுவான ஓட்டத்தில் அவையும் இழுபட்டுவிடுவது எளிது; ஆகையால் ஒலிகளைப் பழக்க, தாலாட்டைவிட விளையாட்டுப் பாட்டையே நான் அதிகம் நம்புவேன்.

பாட்டு பேச்சுக்கு மாற்றாகவும் ஆகாது. நெதர்லாந்தில் பத்து மாதக் குழந்தைகளின் மூளை அலைகளைக் கொண்டு 2020-இல் நடந்த ஓர் ஆய்வில், பாட்டிலிருந்தும் குழந்தைகள் சொற்களைப் பிரித்தெடுத்தார்கள், பேச்சிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். பாட்டு பேச்சை மிஞ்சவில்லை. எனவே பாடி முடித்ததும் அதே சொல்லைப் பேச்சிலும் கொண்டுவாருங்கள். மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் “அதோ நிலா” என்று காட்டுங்கள். கடையில் “மல்லிகைப்பூ பாரு” என்று சொல்லுங்கள்.

பாட்டு அவளுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை இன்னும் சில வாரங்களில் நீங்களே பார்க்கலாம். ‘நிலா நிலா ஓடி...’ என்று பாடி, ‘வா’ விழ வேண்டிய தட்டில் நிறுத்திக் காத்திருங்கள். கையசைவு எதுவும் காட்டாதீர்கள். காட்டினால் கையைப் பார்த்துச் சிரிக்கிறாளா, காதால் எதிர்பார்க்கிறாளா என்று தெரியாமல் போகும். பாட்டு பழகிய குழந்தை சட்டென்று அசையாமல் உங்கள் வாயைப் பார்க்கும், அல்லது காலை உதைக்கும், சிலவேளை தானே ஒரு சத்தம் போடும். ஒரு நாள் செய்யவில்லை என்பதற்காக எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

ஆனால் முகம் காட்டாமல் பின்னாலிருந்து பாடினாலோ அழைத்தாலோ அவள் திரும்பவே இல்லை என்றால், அல்லது பத்து மாதம் கடந்தும் ‘பாபா’, ‘மாமா’ போன்ற அடுக்கசைகள் வரவில்லை என்றால், பாட்டை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் செவித்திறன் வல்லுநரிடம் காட்டுங்கள். பிறந்தவுடன் செய்த ஓ.ஏ.இ. என்ற செவிச் சோதனையில் தேறியிருந்தாலும் இது பொருந்தும், ஏனெனில் சில செவிக்குறைகள் பிறகு வருகின்றன, உட்காதுக்கு அப்பால் நரம்பில் இருக்கும் சில குறைகளை அந்தச் சோதனை காட்டாது. அதற்கு பெரா என்ற சோதனை தேவைப்படும். குழந்தை தூங்கும்போது வலியின்றிச் செய்துவிடுவார்கள்.