எபிக் கணக்கும் மின்னஞ்சல் மாற்றமும்: கேள்வி பதில்

மாங்குளத்திலிருந்து: அண்ணா, பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் ஒரே எபிக் கணக்கில் போர்ட்நைட் விளையாடுகிறேன். மின்னஞ்சலை மாற்றினால் இணைப்பு அறுந்துவிடுமா?

அறாது, தம்பி. உங்கள் கணக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த 32 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். பிளேஸ்டேஷன் அதனோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. மின்னஞ்சலும் பெயரும் மாறினாலும் அது மாறாது. ஆனால் மாற்றத்தை உறுதிசெய்யும் குறியீடு பழைய முகவரிக்கே வரும் என்பதால், அந்தப் பெட்டி திறக்கும் காலத்திலேயே மாற்றிவிடுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: பெயரை மாற்றிய நண்பனின் போர்ட்நைட் ஆடைகள் எல்லாம் போய்விட்டன. பெயரோடு சேமிப்பும் போகும்தானே?

இழப்பு உண்மை, காரணம் வேறாக இருக்கலாம். நண்பர் முதலில் பிளேஸ்டேஷனில் மின்னஞ்சல் எதுவும் கொடுக்காமல் விளையாடத் தொடங்கி, பிறகு கணினியில் ஜிமெயிலைக் கொண்டு புதிய கணக்குத் திறந்திருந்தால், அவருக்கு இப்போது இரண்டு எபிக் கணக்குகள் உள்ளன. ஆடைகள் முதலாவதில் கிடக்கின்றன. epicgames.com தளத்தில் மின்னஞ்சலைத் தட்டாமல் பிளேஸ்டேஷன் சின்னத்தை அழுத்தி உள்நுழையச் சொல்லுங்கள். அங்கே தெரியும் அடையாளம் ஜிமெயில் கணக்கின் அடையாளத்திலிருந்து வேறுபட்டால் சந்தேகம் தீர்ந்தது. முதலாவது கணக்குக்கு இன்னொரு மின்னஞ்சலைக் கொடுத்து அதையே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கித் தரும் வசதியை எபிக் 2019இல் நிறுத்திவிட்டது.

நீங்கள் சொன்னது முழுப் பிழையுமல்ல. மைன்கிராஃப்ட் சேர்வரின் server.properties கோப்பில் பின்வரும் வரி இருந்தால், ஒருவரின் அடையாளம் அவருடைய பெயரிலிருந்தே கணிக்கப்படுகிறது:

```
online-mode=false
```

அங்கே ஒரெழுத்தைப் பெரிதாக்கினாலும் கையிலிருந்த பொருள்கள் காணாமற்போகும். பழைய பெயரை அப்படியே இட்டால் திரும்பி வரும். எங்கள் பக்கத்துப் பெடியள் ஒரு வைஃபையில் கூடி விளையாடும்போது இந்தக் கூத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தந்தை: மகனின் சிம் தொலைந்துவிட்டது. இணைப்பு அறாது என்கிறீர்கள், அப்படியானால் பயமில்லைத்தானே?

ஐயா, இது வேறு விடயம். உள்நுழைவுக் குறியீடு குறுஞ்செய்தியாக அந்த இலக்கத்துக்கு வருமாறு வைத்திருந்தால், மகன் வெளியே நிற்க வேண்டியதுதான். அதே இலக்கத்தில் மாற்றுச் சிம் எடுப்பதே எளிய வழி. முன்பே சேமித்த மாற்றுக் குறியீடுகள் இருந்தால் அவையும் உதவும்.

வவுனியாவிலிருந்து: படித்த இடம் தந்த மின்னஞ்சலில் கணக்கு வைத்திருந்தேன். வெளியேறியதும் அதை மூடிவிட்டார்கள்.

எனக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கருவி ஏதேனும் இருந்தால், அதிலிருந்து வெளியேறாதீர்கள். இணைத்த பிளேஸ்டேஷன் வழியாகவும் உள்ளே போகலாம், ஆனால் முகவரியை மாற்றும்போது பழைய பெட்டியின் குறியீட்டைக் கேட்டால் ஆதரவுப் பிரிவுக்கு எழுதத்தான் வேண்டும். முதன்முதலில் வாங்கியதற்கான பற்றுச்சீட்டைத் தேடி வையுங்கள். எனக்குப் பற்றுச்சீட்டு கிடைக்கவில்லை, கணக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை.